ஏழு ஸ்கிரீன்ஷாட், ஒரே சாட்: எது முதல்ல, எது அப்புறம்?

இந்த எபிசோடுல பேசப் போறது நம்ம எல்லாருக்கும் அடிக்கடி நடக்குற ஒரு விஷயம். யாராவது ஒரு பிரச்சினையைச் சொல்லும்போது, "இரு, நான் அனுப்புறேன், நீயே பாரு"ன்னு சொல்லி ஒரு சாட்டோட ஸ்கிரீன்ஷாட் அஞ்சாறு அனுப்புவாங்க. அது ஒரு வரிசையில இருக்காது. முடிவு முதல்ல வரும், ஆரம்பம் நடுவுல வரும். நாமளும் வந்த வரிசையிலயே படிச்சுட்டு, "ஆமாடா, அவர் மேலதான் தப்பு"ன்னு தீர்ப்பு சொல்லிடுவோம்.

வாட்ஸ்அப்ல நிறைய படத்தை ஒண்ணா தேர்ந்தெடுத்து அனுப்பும்போது, நாம எந்த வரிசையில தொட்டோமோ அந்த வரிசையிலதான் அது கிளம்பும். கேலரியில புதுசு மேல இருக்கும், அதனால கடைசியா எடுத்ததை முதல்ல தொடுவோம். நடுவுல இன்னொருத்தர் ஃபார்வர்ட் பண்ணினா இன்னும் கலையும். அதனால வந்த வரிசைக்கு எந்த மதிப்பும் கிடையாது. அதை முதல்லயே மறந்துடணும்.

இதை ஒரு உண்மையான கேஸ் வெச்சே சொல்றேன். சம்பந்தப்பட்டவங்க சம்மதத்தோட, பெயர், ஊர் விவரம் எல்லாம் எடுத்துட்டுச் சொல்றேன்.

என்னோட காலேஜ் நண்பன் ஒருத்தன் துபாய்ல வேலை பார்க்குறான். அவங்க அப்பா அம்மாவுக்கு இங்க தமிழ்நாட்டுல ஒரு வாடகை வீடு பார்த்தான். வீட்டுக்காரரோட பேசினது முழுக்க வாட்ஸ்அப்லதான். டோக்கன் அட்வான்ஸ் 20,000 ரூபாய். அவங்க அப்பா இங்கிருந்து யுபிஐ-ல அனுப்பினார். அன்னைக்கு ராத்திரியே, அம்மாவால மாடிப்படி ஏற முடியாதுன்னு வீடு வேண்டாம்னு முடிவாச்சு. டோக்கனைத் திருப்பிக் கேட்டா, வீட்டுக்காரர் "வேண்டாம்னு சொன்னா திருப்பித் தர மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டேனே"ங்கிறார். நண்பன், "பணம் வாங்கினதுக்கு அப்புறம்தான் சொன்னார்"ங்கிறான். அவங்க அப்பா வீட்டுக்காரர் வாசல்லயே போய் சண்டை போடத் தயாரா இருந்தார். கூட ரெண்டு சொந்தக்காரங்களையும் கூப்பிட்டிருந்தார்.

இந்த நிலைமையிலதான் எனக்கு ஏழு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு. வந்த வரிசைப்படி ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் நம்பர் போட்டுக்கிட்டேன். முதல் படத்துல, "அப்பா அனுப்பிட்டாரு சார்"னு நண்பன் சொல்றான், நேரம் மாலை 6:05. ரெண்டாவது படத்துல, "நீங்க வேண்டாம்னு சொன்னா டோக்கன் திருப்பித் தர முடியாது"ன்னு வீட்டுக்காரர் சொல்றார், நேரம் இரவு 7:08. ரெண்டுமே வெள்ளிக்கிழமை, நவம்பர் 14. பார்த்த உடனே கேஸ் முடிஞ்ச மாதிரி தெரியும். பணம் 6:05, கண்டிஷன் 7:08. நண்பன் சொன்னதுதான் சரி. நேரத்தைப் பார்த்து அடுக்கினாலே இப்படித்தான் வரும்.

ஆனா அது தப்பான வரிசை. எப்படின்னு ஒவ்வொரு படியா பார்ப்போம்.

முதல் வேலை, எந்தப் படம் யார் போன்ல எடுத்ததுன்னு பிரிக்குறது. இதுக்கு நேரம் எதுவும் பார்க்க வேண்டாம். வாட்ஸ்அப்ல நாம அனுப்பினது வலது பக்கம் இருக்கும், வந்தது இடது பக்கம் இருக்கும். 1, 4, 5, 7 இந்த நாலு படத்துலயும் நண்பனோட பேச்சு வலது பக்கம். அப்போ அது அவன் போன். 2, 3, 6 இந்த மூணுலயும் வீட்டுக்காரர் பேச்சு வலது பக்கம். அது அவர் எடுத்து அப்பாவுக்கு அனுப்பி, அப்பா நண்பனுக்கு அனுப்பி, அவன் எனக்கு அனுப்பினது. ஒரே சாட்தான், ஆனா ரெண்டு போன். ஒரு போன் துபாய்ல இருக்கு, இன்னொண்ணு இங்க இருக்கு.

வாட்ஸ்அப் மெசேஜ் பக்கத்துல காட்டுற நேரம், அந்தப் போன் எந்த நேர மண்டலத்துல இருக்கோ அதோட நேரம். துபாய்ல மணி 6:00 ஆகும்போது இந்தியாவுல 7:30. ஒன்றரை மணி நேர வித்தியாசம். ஒரே மெசேஜ் துபாய் போன்ல ஒரு நேரம் காட்டும், இங்க இன்னொரு நேரம் காட்டும். ரெண்டு போன்ல எடுத்த படங்களை மேல இருக்குற எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினா தப்பாத்தான் வரும்.

இதை ஊகமா விட்டுடக் கூடாது, படத்துக்குள்ளயே ஆதாரம் தேடணும். முதல் ஆதாரம் ஒண்ணாம் படத்துலயே இருந்துச்சு. நண்பன் அனுப்பின மெசேஜோட அப்பாவோட பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கு. அந்தக் குட்டிப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தா, பணம் போன நேரம் இரவு 7:33. ஆனா அதை அனுப்பின மெசேஜோட நேரம் மாலை 6:05. பணம் போறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே பணம் போனதுக்கான படத்தை அனுப்ப முடியாதே? 6:05-ஓட ஒன்றரை மணி நேரம் கூட்டினா 7:35. பணம் போய் ரெண்டு நிமிஷத்துல படம் அனுப்பியிருக்கான். இப்போ சரியா உட்காருது. அப்பாவோட பேங்க் எஸ்எம்எஸ்ஸும் கேட்டு வாங்கினேன், அதுலயும் 7:33-தான்.

ரெண்டாவது ஆதாரம், ரெண்டு போன்லயும் இருக்குற ஒரே மெசேஜ். இப்படி மூணு கிடைச்சுது. வீட்டுக்காரர் "டோக்கன் 20,000"ன்னு சொன்னது, நண்பன் போன்ல 5:01, அவர் போன்ல 6:31. "வந்துருச்சு, நன்றி"ன்னு அவர் சொன்னது ஒரு பக்கம் 6:11, இன்னொரு பக்கம் 7:41. நண்பன் "வீடு வேண்டாம் சார்"னு சொன்னது துபாய்ல இரவு 10:50, இங்க 12:20. மூணுலயும் சரியா ஒன்றரை மணி நேரம். ஒரு இடத்துல மட்டும் பார்த்தா தற்செயல்னு சொல்லலாம். மூணு இடத்துலயும் ஒரே வித்தியாசம்னா அது நேர மண்டலம்தான். ஒருவேளை ஒரு இடத்துல 1:30, இன்னொரு இடத்துல 1:52-ன்னு மாறி மாறி வந்திருந்தா, போன் கடிகாரத்தை யாரோ கையால மாத்தியிருக்காங்க, இல்ல படத்துல கை வெச்சிருக்காங்கன்னு சந்தேகப்படணும்.

இப்போ எல்லாத்தையும் இந்திய நேரத்துக்கு மாத்துவோம். கண்டிஷன் சொன்னது 7:08. பணம் போனது 7:33. அதாவது வீட்டுக்காரர் 25 நிமிஷம் முன்னாடியே சொல்லிட்டார். கேஸ் தலைகீழா திரும்பிடுச்சு.

அடுத்து தேதி. இதுல ரெண்டு சிக்கல் இருக்கு. சாட் நடுவுல `Today`, `Yesterday`ன்னு ஒரு சின்ன பட்டை வரும் இல்லையா, அது மெசேஜ் வந்த நாளை வெச்சு இல்ல, ஸ்கிரீன்ஷாட் எடுத்த நாளை வெச்சு வரும். ஏழாவது படத்துல `Yesterday`ன்னு இருந்துச்சு, மூணாவது படத்துலயும் `Yesterday`ன்னு இருந்துச்சு. ரெண்டும் ஒரே நாள்னு நினைச்சா போச்சு.

ஏழாவது படம் எப்போ எடுத்ததுன்னு தெரிஞ்சுக்க நண்பன்கிட்ட அவனோட படங்களை மறுபடியும் அனுப்பச் சொன்னேன். இந்த முறை போட்டோவா இல்ல, டாக்குமெண்டா. போட்டோவா அனுப்பினா வாங்குற ஆண்ட்ராய்டு போன்ல பெயர் மாறிடும். டாக்குமெண்டா அனுப்பினா ஒரிஜினல் பெயரோடவே வரும். ரெண்டும் எப்படி இருக்கும்னு பாருங்க:

```
IMG-20251116-WA0011.jpg
Screenshot_20251115-084512.png
```

மேல இருக்குறது போட்டோவா வந்தது. அதுல இருக்குற தேதி என் போனுக்கு வந்து சேர்ந்த தேதி, கடைசி நம்பர் அந்த நாளுக்கான எண்ணிக்கை, அவ்வளவுதான். எடுத்த நேரம் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. கீழ இருக்குறது டாக்குமெண்டா வந்தது. நவம்பர் 15, காலை 8 மணி 45 நிமிஷம் 12 விநாடி, அதுவும் துபாய் நேரம். போன் கம்பெனியைப் பொறுத்து பெயரோட அமைப்பு கொஞ்சம் மாறும், ஆனா தேதியும் நேரமும் பெரும்பாலும் இருக்கும். ஆக ஏழாவது படம் எடுத்தது 15, சனிக்கிழமை. அதோட `Yesterday` வெள்ளிக்கிழமை.

மூணாவது படம் வீட்டுக்காரரோடது, ஒரிஜினல் பெயர் கிடைக்கல. ஆனா படத்தோட மேல ஸ்டேட்டஸ் பார்ல மணி 7:50-ன்னு இருந்துச்சு. அது ஸ்கிரீன்ஷாட் எடுத்த நேரம். நிறைய பேர் இதை மெசேஜ் நேரம்னு குழப்பிக்குவாங்க. அந்தப் படத்துல இருக்குற மெசேஜ் காலை 8:15, `Yesterday`. எனக்கு அந்தப் படம் வந்தது 16-ஆம் தேதி, அதனால அதுக்கு அப்புறம் எடுத்திருக்க முடியாது. அதே 8:15 மெசேஜ் நண்பனோட நாலாவது படத்துல 6:45-ன்னு இருக்கு, `Today` பட்டைக்குக் கீழ. அந்தப் படத்தோட ஃபைல் பெயர்ல தேதி 15. ஆக மெசேஜ் வந்தது சனிக்கிழமை, மூணாவது படம் எடுத்தது ஞாயிறு காலை 7:50. இந்த `Yesterday` சனிக்கிழமை.

ரெண்டாவது சிக்கல் நள்ளிரவு. "வீடு வேண்டாம்"னு நண்பன் சொன்ன மெசேஜ் துபாய்ல வெள்ளி இரவு 10:50, இந்தியாவுல சனிக்கிழமை 12:20. வீட்டுக்காரர் போன்ல எடுத்த ஆறாவது படத்துல, "வந்துருச்சு, நன்றி"க்கும் இதுக்கும் நடுவுல `Today` பட்டை விழுது. நண்பன் போன்ல அந்த இடத்துல எந்தப் பட்டையும் இல்ல. "மறுநாள்தான் வேண்டாம்னு சொன்னாங்க"ன்னு வீட்டுக்காரர் சொன்னாரு, "அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டேன்"னு நண்பன் சொன்னான். யாரும் பொய் சொல்லல. அவங்கவங்க போன்ல இருந்ததைச் சொன்னாங்க.

இனி அடுக்குறது சுலபம். ஆனா இதுலயும் நேரத்தை மட்டும் நம்பல. ஒரு படத்தோட கடைசி மெசேஜும் அடுத்த படத்தோட முதல் மெசேஜும் ஒண்ணா இருக்கான்னு பார்த்தேன். தையல் மாதிரி வெச்சுக்கோங்க, ஒரு துணி மேல இன்னொரு துணி கொஞ்சம் ஏறி உட்காரணும். இந்திய நேரப்படி கடைசியா வந்த வரிசை இது: 5, 2, 1, 6, 7, 4, 3. அஞ்சாவது "டோக்கன் 20,000"ல முடியுது, ரெண்டாவது அதுலயே ஆரம்பிக்குது. ஒண்ணாவது "வந்துருச்சு"ல முடியுது, ஆறாவது அதுலயே ஆரம்பிக்குது. ஆறு, ஏழு, நாலு, மூணு எல்லாமே இப்படி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்துச்சு.

ஒட்டாத இடம் ஒண்ணே ஒண்ணு. ரெண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல. கண்டிஷன் மெசேஜோட ரெண்டாவது படம் முடியுது. பணம் அனுப்பின மெசேஜோட ஒண்ணாவது படம் ஆரம்பிக்குது. நடுவுல 27 நிமிஷம். அதுல ஏதாவது பேசியிருந்தா எனக்குத் தெரியாது. கேஸோட உயிரே அந்த இடத்துலதான் இருக்கு. அதுவும் தவிர, கண்டிஷன் மெசேஜ் நண்பன் அனுப்பின நாலு படத்துல ஒண்ணுலயும் இல்ல. அவன் படங்கள் 5:01-ல நின்னுட்டு 6:05-ல தொடங்குது.

இப்படி இடைவெளி இருந்தா நாமளா நிரப்பக் கூடாது, போனைத்தான் கேட்கணும். நண்பனை வீடியோ கால்ல அந்த இடத்துக்கு ஸ்க்ரோல் பண்ணச் சொன்னேன். 5:38-க்கு அந்த கண்டிஷன் மெசேஜ் இருந்துச்சு. அதுக்கு நேர் கீழ 6:05. நடுவுல வேற எதுவும் இல்ல. அவன் மறைக்கல. சனிக்கிழமை காலையில கோபத்துல வேகமா ஸ்க்ரோல் பண்ணி, தனக்கு ஞாபகம் இருந்த இடங்களை மட்டும் எடுத்திருக்கான்.

அப்போ நண்பன் ஒரு கேள்வி கேட்டான், நல்ல கேள்வி. "மச்சி, அந்த மெசேஜ் பக்கத்துல `Edited`ன்னு இருக்குடா. பணம் வந்ததுக்கு அப்புறம் மாத்தியிருந்தா?" வாட்ஸ்அப்ல அனுப்பின மெசேஜைத் திருத்தினா, பக்கத்துல இருக்குற நேரம் மாறாது, முதல்ல அனுப்பின நேரமே இருக்கும். முன்னாடி என்ன எழுதியிருந்தாங்கன்னும் பார்க்க முடியாது. அதனால இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனா திருத்துறதுக்கு 15 நிமிஷம் மட்டும்தான் அவகாசம். 7:08-க்கு அனுப்பினதை 7:23 வரைக்கும்தான் திருத்த முடியும். பணம் போனது 7:33. முதல்ல என்ன எழுதினாரோ தெரியாது, ஆனா இப்போ நாம படிக்குற வாசகம் பணம் போறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே அங்க இருந்திருக்கு.

கடைசியா ஒரு கேள்வி பாக்கி. சொன்னது எப்போன்னு தெரிஞ்சுது. படிச்சது எப்போ? ஸ்கிரீன்ஷாட்ல இருக்குற நீல டிக் இதுக்கு உதவாது. படம் எடுத்த நேரத்துக்குள்ள படிச்சாச்சுன்னு மட்டும்தான் அது சொல்லும். வீட்டுக்காரர் படம் எடுத்தது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது நீலமா இருந்துச்சா, சாம்பலா இருந்துச்சான்னு அதுல தெரியாது. ஆனா மெசேஜ் அனுப்பினவர் அதை அழுத்திப் பிடிச்சு `Info` பார்த்தா, போய்ச் சேர்ந்த நேரமும் படிச்ச நேரமும் தனித்தனியா இருக்கும். ரீட் ரெசிப்ட் ஆஃப் பண்ணியிருந்தா படிச்ச நேரம் இருக்காது. இங்க ரெண்டு பேரும் ஆன்ல வெச்சிருந்தாங்க. நண்பனோட அப்பா போன் பண்ணி மரியாதையா கேட்டார், வீட்டுக்காரரும் எடுத்து அனுப்பிட்டார்.

போய்ச் சேர்ந்தது 7:08. படிச்சது 7:34. பணம் போய் ஒரு நிமிஷம் கழிச்சு.

இந்த ஒரு நிமிஷத்தை நான் கடிகாரத்தை மட்டும் வெச்சு நம்ப மாட்டேன். பேங்க் கடிகாரம் வேற, வாட்ஸ்அப் கடிகாரம் வேற. ரெண்டும் விநாடி காட்டல. அதனால 7:33-ம் 7:34-ம் நடுவுல ரெண்டு விநாடியும் இருக்கலாம், கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷமும் இருக்கலாம். நண்பன் சொன்ன காரணத்தோட சேர்த்துப் பார்த்தாதான் பொருந்துது. அவன் அந்நேரம் ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தான். அப்பா பேமென்ட் படத்தை அனுப்பினதும், அதை வீட்டுக்காரருக்கு அனுப்பத்தான் அந்த சாட்டைத் திறந்தான். திறந்த உடனே வாட்ஸ்அப் கணக்குல படிச்சதா ஆயிடும். கண்ணால படிச்சானாங்கிறது வேற விஷயம். பணம் அனுப்பின அப்பா அந்த சாட்லயே இல்ல.

ஆக நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தோட சாரம் இதுதான்: கண்டிஷன் சொன்னது பணத்துக்கு முன்னாடி. சாட்டைத் திறந்தது பணத்துக்கு அப்புறம். ரெண்டு பேர் சொன்னதுலயும் பாதி சரி. நண்பனுக்கு முதல்ல கொஞ்சம் வருத்தம்தான், அவன் எதிர்பார்த்த பதில் இது இல்ல. ஆனா அந்தப் பக்கத்தை அப்படியே வீட்டுக்காரருக்கும் அனுப்பினான். அப்பா சண்டைக்குப் போகல, போன்ல பேசினார். வீட்டுக்காரர் 10,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார்.

இது ஒரு சின்னத் தொகைக்கு, ரெண்டு பக்கமும் பேசத் தயாரா இருந்ததால போதுமா இருந்துச்சு. கோர்ட் வரைக்கும் போற விஷயம்னா நாம அடுக்கின காகிதம் மட்டும் போதாது. பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கொடுக்கணும். அதனால போன்ல இருக்குற ஒரிஜினல் சாட்டை அழிச்சுடாதீங்க, அதை முதல்ல ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க.

உங்ககிட்ட யாராவது இப்படி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு, டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க, எடுத்த நேரம் பெயரோட வரும். ரெண்டு, ஒவ்வொரு படமும் முந்தின படத்தோட கடைசி மெசேஜ்ல ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க, அப்போ நடுவுல எதுவும் விட்டுப் போகாது. மூணு, எடுத்தப்போ போன் எந்த ஊர்ல இருந்துச்சுன்னு கேளுங்க. முடிஞ்சா சாட்டை `Export chat` பண்ணித் தரச் சொல்லுங்க. ஒவ்வொரு வரியிலயும் முழுத் தேதியும் நேரமும் வரும், `Today`, `Yesterday` குழப்பமே இல்ல. ஆனா அதுலயும் நேரம் எக்ஸ்போர்ட் பண்ணின போனோட நேரம்தான். வர்றது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், யாரு வேணாலும் திருத்த முடியும். அதனால ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுக்கோங்க.

இந்த மாதிரி உங்ககிட்ட ஏதாவது குழப்பமான சாட் இருந்து, நீங்களே அடுக்கிப் பார்த்திருந்தா எங்களுக்கு எழுதுங்க. பெயரும் நம்பரும் மறைச்சு அனுப்புங்க, நேரத்தை மட்டும் மறைச்சுடாதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.